5 லட்சம் சீட்டை 5ஆவது மாதம் எடுத்தால் கையில் வருவது எவ்வளவு, கையை விட்டுப் போவது எவ்வளவு?

கேள்வி: "சிங்கப்பூரில் ஒர்க் பர்மிட்டில் இருக்கிறேன். ஊரில் பதிவு பெற்ற ஒரு கம்பெனியில் 5 லட்சம் சீட்டு, 25 பேர், 25 மாதம், மாதம் 20,000. வீட்டு மாடி கட்ட 5ஆவது மாதம் எடுக்கலாம் என்று இருக்கிறேன். ஒப்பந்தத்தில் 30 சதவீதம் வரை தள்ளு, 5 சதவீதம் கமிஷன், எடுத்த பிறகு தவணை தவறினால் மொத்தமும் கட்ட வேண்டும் என்று இருக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்து எனக்கு என்ன ஆகும்? விவரம் தெரிந்த அண்ணன்கள் சொல்லுங்கள்."

தம்பி, நான் சிங்கப்பூர் வருவதற்கு முன் திருச்சிப் பக்கம் ஒரு சீட்டுக் கம்பெனிக் கிளையில் ஒன்பது வருஷம் கணக்கும் வசூலும் பார்த்தவன். அதனால் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் சொல்கிறான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதியிருக்கும் மூன்று விதிகளும் தனித்தனிச் செலவு போலத் தெரியும், ஆனால் மூன்றும் ஒரே பானையிலிருந்து அள்ளுகிற பணம்தான். அந்தப் பானை ஏலத் தள்ளு. அதில் ஆரம்பித்தால் மற்ற இரண்டும் தானாகப் புரியும்.

மாதம் 25 பேர், ஆளுக்கு 20,000, மொத்தம் 5 லட்சம். பணம் அவசரமாகத் தேவைப்படுகிறவர் "எனக்கு 5 லட்சம் வேண்டாம், இவ்வளவு குறைத்துக் கொடுங்கள்" என்று கேட்கிறார். அப்படிக் குறைத்துக்கொள்வதுதான் தள்ளு. அதிகம் தள்ளுகிறவருக்குச் சீட்டு. உங்கள் ஒப்பந்தத்தில் மேல்வரம்பு 30 சதவீதம், அதாவது 1,50,000. அதுவரை தள்ளினால் எடுத்தவர் கைக்கு 3,50,000 வரும். அந்த 1,50,000 யாருக்குப் போகிறது? முதலில் 5 சதவீதக் கமிஷன், 25,000, நடத்துகிறவருக்கு. மீதி 1,25,000 இருபத்தைந்து பேருக்கும் பிரிகிறது, ஆளுக்கு 5,000. இதைத்தான் கசர் என்பார்கள். கசர் கழிந்து அந்தத் தவணைக்கு நீங்கள் கட்ட வேண்டியது 15,000. சில கம்பெனிகள் அதே மாதமே கழிக்கும், பல கம்பெனிகள் அடுத்த மாதத் தவணையில் கழிக்கும். கணக்கு ஒன்றுதான், ஒரு மாதம் முன்பின் ஆகும், அவ்வளவே.

இதில் நிறையப் பேர் தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது. கமிஷன் 5 சதவீதம் என்பது உங்கள் கைக்கு வரும் 3,50,000-இல் அல்ல, முழுச் சீட்டுத் தொகையான 5 லட்சத்தில். அதனால் யாருமே தள்ளாத மாதத்திலும் 25,000 போயே போகும். கடைசி மாதம் எடுப்பவருக்கும் 5 லட்சம் கிடைக்காது, 4,75,000தான். 5 சதவீதம் என்று உங்கள் தாளில் இருப்பது தவறில்லை. 1982ஆம் ஆண்டின் இந்தியச் சீட்டு நிதிச் சட்டத்தில் முதலில் உச்சவரம்பு 5 சதவீதமாகத்தான் இருந்தது, 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அதை 7 ஆக்கியது. ஆகவே யாராவது 8, 10 என்று எழுதியிருந்தால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம். கமிஷனுக்கு மேல் ஜிஎஸ்டி உண்டு. 2022 ஜூலையிலிருந்து அது 18 சதவீதம், உங்கள் சீட்டில் மாதம் 4,500. அதைச் சீட்டு எடுத்தவரிடம் பிடிக்கிறார்களா, எல்லோருக்கும் பங்கிடுகிறார்களா என்பது ஒப்பந்தத்தில் இருக்கும். பெரும்பாலும் எடுத்தவர் தலையில்தான் விடியும். ஒப்பந்தத்தைக் கையில் வாங்கி முதலில் அந்த வரியைத் தேடுங்கள்.

நடத்துகிறவருக்குக் கமிஷனைத் தவிர இன்னொரு வரும்படியும் உண்டு. முதல் மாதச் சீட்டைத் தள்ளே இல்லாமல் முழுதாக அவர் எடுத்துக்கொள்ளச் சட்டமே இடம் தருகிறது. 24 பேர் கட்டும் பணத்தை வட்டியில்லாமல் இரண்டு வருஷம் அவர் வைத்துக்கொள்கிறார் என்று பொருள். அதை ஏமாற்று வேலை என்று சொல்ல மாட்டேன். யாராவது கட்டாமல் போனாலும் எடுத்தவருக்குத் தேதியில் பணம் கொடுக்கும் பொறுப்பு அவருடையது, தொடங்கும் முன் சீட்டுத் தொகைக்கு ஈடான பிணையத்தைச் சீட்டுப் பதிவாளர் பெயரில் வைத்துவிட்டுத்தான் நடத்த வேண்டும். ஆனால் முதல் மாதம் கசர் வராமல் முழு 20,000 கட்டச் சொன்னால் பயந்துவிடாதீர்கள், காரணம் இதுதான்.

இப்போது உங்கள் சீட்டையே எடுத்துக்கொள்வோம். ஏலம் எப்படிப் போகும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது, ஆனால் நான் பார்த்த குழுக்களில் வழக்கமான போக்கு இப்படித்தான் இருக்கும். முதல் மாதம் நடத்துகிறவர். 2 முதல் 8 வரை எல்லோருக்கும் அவசரம், 1,50,000 வரை தள்ளுவார்கள், தவணை 15,000. 9 முதல் 16 வரை கொஞ்சம் சூடு குறைந்து 1 லட்சம் தள்ளு, கசர் 3,000, தவணை 17,000. 17 முதல் 24 வரை 50,000 தள்ளு, கசர் 1,000, தவணை 19,000. கடைசி மாதம் கசர் கிடையாது, 20,000. கூட்டிப் பார்த்தால் 25 மாதத்தில் நீங்கள் கட்டுவது 4,33,000. எந்த மாதம் எடுத்தாலும் கட்டுவது இதேதான், எடுக்கும் தொகைதான் மாறுகிறது. (ஜிஎஸ்டியை இதில் சேர்க்கவில்லை.)

5ஆவது மாதம் 3,50,000 எடுத்தால்? அதுவரை உங்கள் பையிலிருந்து 80,000 போயிருக்கும். ஆக உண்மையில் உங்களுக்குப் புதிதாக வந்த பணம் 2,70,000. அதற்குப் பிறகு 20 மாதத்தில் 3,53,000 கட்டப் போகிறீர்கள். வித்தியாசம் 83,000. இதை ஊர்க் கணக்கில் போட்டுப் பார்த்தால் மாதம் இரண்டரை வட்டிக்குக் கொஞ்சம் மேலே வருகிறது, வருஷத்துக்கு 30 சதவீதத்துக்கும் மேல். "5 லட்சம் சீட்டு, 83,000தானே போகிறது, 16 சதவீதம்தானே" என்று ஏஜெண்டு சொல்வார். நானும் அந்தக் காலத்தில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், சொல்லிக்கொடுத்ததே அப்படித்தான். பணம் உங்கள் கையில் 5 லட்சமாக, இரண்டு வருஷம் முழுக்க இருப்பதில்லை என்பதை அந்தக் கணக்கு மறைத்துவிடுகிறது. கடைசி வரை எடுக்காமல் இருப்பவருக்கு 4,33,000 கட்டி 4,75,000 வரும், 42,000 லாபம். தனி வட்டியாகப் பார்த்தால் வருஷம் சுமார் 10 சதவீதம். ஜிஎஸ்டியை அவரிடமும் பிடித்தால் 9. அதாவது சீக்கிரம் எடுப்பவர் கொடுக்கும் வட்டியில் ஒரு பகுதி கமிஷனாகப் போய், மீதிதான் காத்திருப்பவருக்கு வருகிறது. மாடி கட்ட வங்கியில் வீட்டுக் கடன் கிடைக்கும் என்றால் அதன் பக்கத்தில் இந்தக் கணக்கை வைத்துப் பாருங்கள். வங்கியில் கிடைக்காது, வேறு வழி கந்துவட்டிதான் என்றால் அது வேறு பேச்சு.

அப்புறம் "5ஆவது மாதம் எடுக்கலாம்" என்பதே உறுதி கிடையாது. ஆரம்ப மாதங்களில் நாலைந்து பேர் மேல்வரம்பு 1,50,000-ஐயே கேட்பார்கள். அப்படி ஒன்றுக்கு மேற்பட்டவர் உச்சத்தில் நின்றால் குலுக்கல்தான். யார் பெயர் வருகிறதோ அவருக்கு. கொத்தனாருக்குத் தேதி சொல்லி முன்பணம் கொடுத்துவிட்டு, குலுக்கலில் மூன்று மாதம் தொடர்ந்து பெயர் வராமல் கிளை வாசலில் வந்து சண்டை போட்டவர்களை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சண்டை போட்டு என்ன செய்ய, சீட்டு குடத்துக்குள் இருந்தது. நீங்கள் இங்கே இருந்துகொண்டு ஏலத்தில் கலந்துகொள்ள யாருக்காவது அதிகாரக் கடிதம் கொடுத்தால், எதுவரை தள்ளலாம் என்ற தொகையையும் அதில் எழுதிக் கொடுங்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு வீடியோ வழியாகவும் ஏலத்தில் உட்காரலாம் என்று சட்டம் சொல்கிறது, உங்கள் கம்பெனி அதற்கு ஏற்பாடு வைத்திருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

ஏலத்தில் எடுத்துவிட்டதும் பணம் கைக்கு வந்துவிடாது. மீதமுள்ள 20 தவணைக்கும் ஜாமீன் கொடுக்க வேண்டும். சம்பளச் சான்றிதழோடு இரண்டு மூன்று பேரைக் கேட்பார்கள், அரசு வேலையில் இருப்பவர் என்றால் அவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். ஜாமீன் சரியாகும் வரை பணம் தனி வங்கிக் கணக்கில் இருக்கும், ஆனால் உங்கள் தவணை மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். இதனால் ஏலத்துக்கு முன்பே கிளையில் போய் யாரை ஏற்றுக்கொள்வீர்கள் என்று பேசி முடித்துவிடுவது நல்லது.

இனி தவணை தவறும் விஷயம். இதில் எடுக்காதவர், எடுத்தவர் இருவருக்கும் நடப்பது வேறு வேறு. எடுக்காத நிலையில் ஒரு மாதம் தவறினால் முதலில் போவது கசர். தேதிக்குள் கட்டாதவருக்கு அந்த மாதக் கசர் கிடையாது, 15,000-க்குப் பதில் 20,000, அதற்கு மேல் தாமத வட்டி என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். தொடர்ந்து தவறினால் எழுத்து மூலம் அறிவித்து உங்களைக் குழுவிலிருந்து நீக்கி, வேறொருவரை உங்கள் இடத்தில் சேர்ப்பார்கள். அப்போது திரும்ப வருவது நீங்கள் கையிலிருந்து கட்டியது மட்டும்தான். பத்து மாதம் கட்டியவர் "இரண்டு லட்சம் கட்டினேனே" என்பார். கசர் போக அவர் உண்மையில் கட்டியது மேலே சொன்ன கணக்கில் 1,59,000. அதிலும் ஒரு முழுக் கமிஷன், 25,000-ஐப் பிடித்துக்கொள்வோம் என்று ஒப்பந்தத்தில் இருந்தால் 1,34,000. வட்டி எதுவும் இல்லாமல், அதுவும் மாற்று ஆள் சேர்ந்த பிறகோ சீட்டு முடிந்த பிறகோதான் கைக்கு வரும். பத்து மாதம் உண்டியலில் போட்டிருந்தால்கூட இதைவிட அதிகம் இருக்கும். நஷ்டம்தான், ஆனால் இந்த நஷ்டம் உங்களோடு முடிந்துவிடும்.

எடுத்த பிறகு தவறினால் அப்படி முடியாது. நீங்கள் குறிப்பிட்ட "மொத்தமும் கட்ட வேண்டும்" என்ற விதி கம்பெனியின் சொந்தச் சரக்கு அல்ல, சட்டத்தின் 32ஆவது பிரிவிலேயே இருக்கிறது. 5ஆவது மாதம் எடுத்து, 11ஆவது மாதம் வரை ஒழுங்காகக் கட்டி, 12ஆவது மாதம் வேலை போய் நின்றுவிட்டீர்கள் என்று வையுங்கள். மீதி 14 தவணை. கசர் கழித்துக் கட்டியிருந்தால் மொத்தம் 2,57,000 ஆகியிருக்கும். ஆனால் இனி வரப்போகும் கசர் எவ்வளவு என்று இன்றைக்கு யாருக்கும் தெரியாது, அதனால் நோட்டீசில் 14 முறை 20,000, ஆக 2,80,000 என்றுதான் வரும், உடனே, மொத்தமாக. கூடவே ஒப்பந்தத்தில் உள்ள தாமத வட்டி. நோட்டீசு எழுத்தில் வர வேண்டும் என்பது கட்டாயம். வாய்வார்த்தையாகவோ போனிலோ "மொத்தத்தையும் கட்டு" என்று மிரட்டுவது சட்டப்படி அந்தக் கோரிக்கை ஆகாது.

வழக்கு சிவில் நீதிமன்றத்துக்குப் போகாது, சீட்டுப் பதிவாளரிடம்தான் போகும். இங்கேதான் கம்பெனிக்காரர் யாரும் உங்களுக்குச் சொல்லாத ஒரு வழி இருக்கிறது. 33ஆவது பிரிவின்படி, விசாரணைத் தேதிக்குள் அதுவரையான பாக்கித் தவணைகள், ஒப்பந்த வட்டி, வழக்குச் செலவு மூன்றையும் கட்டிவிட்டால், மீதியை மாதா மாதம் அந்தந்தத் தேதியில் கட்டலாம் என்று பதிவாளர் உத்தரவு போட்டாக வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலும் இது செல்லும். அதன் பிறகும் தவறினால்தான் மொத்தமும் வசூலிக்க அவர்கள் கை ஓங்கும். என் ஒன்பது வருஷத்தில் இதைத் தானாகக் கேட்டு வாங்கியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பலர் நோட்டீசைப் பிரித்துப் பார்க்கவே பயந்து அலமாரியில் வைத்துவிடுவார்கள், விசாரணைத் தேதி அதற்குள் போய்விடும்.

ஒன்றைச் சொல்கிறேன். ஒருவர் வளைகுடாவில் இருந்தார், சீட்டெடுத்து வீடு கட்டினார், வேலை போனது, போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். அவருக்கு ஜாமீன் போட்டவர் அவருடைய மச்சான், பள்ளி ஆசிரியர். நான்தான் அந்தப் பள்ளிக்குத் தாளோடு போனேன். தலைமையாசிரியர் அறையில் அவரைக் கூப்பிட்டார்கள், அவர் கையில் சாக்பீஸ் தூள்கூட போகவில்லை, வந்து நின்று "எவ்வளவு?" என்று மட்டும் கேட்டார். பிறகு அவர் சம்பளத்தில்தான் மாதா மாதம் பிடித்தம். ஜாமீன் போட்டவர் இரண்டாவதாகக் கேட்கப்படுகிறவர் அல்ல. கம்பெனி விரும்பினால் உங்களை விட்டுவிட்டு நேராக அவரிடமே போகலாம், வெளிநாட்டில் இருக்கும் ஆளைத் துரத்துவதைவிட உள்ளூரில் சம்பளக்காரரைப் பிடிப்பது சுலபம் என்பதால் அதைத்தான் செய்யும். ஒர்க் பர்மிட் ரத்தானால் இங்கே தங்கி வேறு வேலை தேட உங்களுக்கு அவகாசம் ரொம்பக் கிடையாது. அதனால்தான் இந்த விதியை மற்ற இரண்டையும்விட நீட்டி எழுதுகிறேன். 5ஆவது மாதம் எடுப்பதாக இருந்தால், எடுத்த பணத்தில் நாலு தவணையையாவது மாடியில் போடாமல் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அது முடியாத அளவுக்கு மாடிக்குப் பணம் தேவை என்றால் சீட்டு சின்னதாகிவிட்டது, அல்லது மாடி பெரிதாகிவிட்டது.

சீட்டு யார் பெயரில் என்பதையும் யோசித்துவிட்டீர்களா? வெளிநாட்டில் இருக்கும் இந்தியர் சீட்டில் சேர 2015இல் ரிசர்வ் வங்கி அனுமதித்தது. ஆனால் அந்தக் கம்பெனிக்கு அதற்கான அனுமதி இருக்க வேண்டும், பணம் வங்கி வழியாகத்தான் போக வேண்டும், எடுத்த பணத்தைத் திரும்ப வெளிநாட்டுக்குக் கொண்டுவர முடியாது. மாடி கட்டத்தானே, கடைசி நிபந்தனை உங்களைப் பாதிக்காது. இந்தத் தொல்லை வேண்டாம் என்று பலர் மனைவி பெயரிலோ அப்பா பெயரிலோ போட்டுவிடுகிறார்கள். போடலாம், ஆனால் அப்போது சட்டத்தின் கண்ணில் சந்தாதாரர் அவர்கள்தான். நோட்டீசு அவர்கள் பெயருக்கு வரும், பதிவாளர் முன் நிற்க வேண்டியதும் அவர்களே.

பதிவு பெற்றது என்று எழுதியிருந்தீர்கள். கம்பெனி பதிவு வேறு, உங்கள் குழுவின் பதிவு வேறு. ஒவ்வொரு குழுவுக்கும் தனியாக முன் அனுமதி ஆணையும், தொடங்குவதற்கான சான்றிதழும் வேண்டும். அந்த எண்ணைக் கேட்டு, சீட்டுப் பதிவாளர் அலுவலகத்தில் வீட்டு ஆள் யாரையாவது விட்டுச் சரிபார்க்கச் சொல்லுங்கள். மேலே நான் சொன்ன 33ஆவது பிரிவு, பிணையம், பதிவாளர் எல்லாம் அந்த எண் இருந்தால்தான். இங்கே ரூம் நண்பர்கள் சேர்ந்து நடத்தும் சீட்டுக்கு இது எதுவும் பொருந்தாது, சிங்கப்பூருக்குத் தனியாக 1971ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, அந்தப் பேச்சை இங்கே கலக்கவில்லை.

கையெழுத்துப் போடலாமா என்றால், ஒப்பந்தத்தைப் பார்க்காமல் நான் சொல்லக் கூடாது. நான்கு வரிகளைப் போட்டோ எடுத்து, பெயர், முகவரியை மறைத்துப் போடுங்கள்: ஜிஎஸ்டி யார் தலையில், தாமதமானால் கசர் போகுமா, தாமத வட்டி எவ்வளவு, எடுக்காமல் விலகினால் எவ்வளவு பிடிப்பார்கள். இந்த வாரம் எனக்கு நைட் ஷிப்ட், பகலில் தூங்கி எழுந்து பார்க்கிறேன். அதற்குள் மச்சானிடம் ஜாமீன் தாளில் கையெழுத்து மட்டும் வாங்கிவிடாதீர்கள்.